விடைக்குறிப்பே தவறாக இருக்கும் கதை: கேள்வியிலிருந்து முடிவு வரை எழுதும் முறை

தேர்வு எழுதிய ஒரு மாணவி, அதிகாரபூர்வ விடைக்குறிப்பே தவறு என்று கண்டுபிடிக்கிறாள். இந்தக் கருவை வைத்துச் சிறுகதை எழுதப் பலருக்கும் ஆசை வருகிறது. எழுதி முடித்த கதைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் விழுகின்றன. அந்தக் கேள்வி என்ன என்பதே கதையில் இருக்காது. “நாற்பத்தேழாவது கேள்விக்கு விடை தப்பாகக் கொடுத்திருந்தார்கள்” என்று ஒரு வரி வரும். அதன் பிறகு அழுகை, அப்பாவின் கோபம், அலுவலக வாசல் எல்லாம் வரிசையாக வரும். விடை தவறு என்பதற்கு வாசகரிடம் இருப்பது எழுத்தாளரின் வாய்ச்சொல் மட்டும்தான். அந்த மாணவியால் விடைக்குறிப்பை அப்படியே நம்ப முடியவில்லை. வாசகர் மட்டும் நம்மை ஏன் அப்படியே நம்ப வேண்டும்?

அதனால் இந்தக் கதைக்கு முதல் விதி: கேள்வி முழுசாகத் தாளில் இருக்க வேண்டும், வாசகர் தானே அதற்கு விடை சொல்லிப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரியில் நடக்கும் ஒரு கதையை எடுத்துக்கொண்டு, இதை எப்படிக் கட்டுவது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: எந்தத் தேர்வு?

இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் கதையின் ஓட்டத்தைத் தீர்மானிப்பது தேர்வின் நடைமுறைதான். பள்ளித் தேர்வாக இருந்தால் மாணவி வாத்தியாரிடம் போய்ச் சொல்வாள், அவர் பார்த்துத் திருத்துவார், கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். நீட் தேர்வில் தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் இணையத்தில் ஆட்சேபணை தெரிவிக்கலாம். ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்காது. பணமில்லாத வீட்டில் அந்த 200 ரூபாயே ஒரு கதை.

நான் எடுத்துக்கொள்வது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு. பத்தாம் வகுப்பு முடித்த யாரும் எழுதலாம், மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அப்படியானால் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். லட்சக்கணக்கானோர் எழுதுகிற தேர்வில் ஒன்றரை மதிப்பெண் தரவரிசையில் ஒருவரைத் தூக்கி எங்கேயோ வைத்துவிடும். காவேரிப்பட்டணத்துப் பக்கம் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கும் குடும்பத்தில் பிறந்து, கல்லூரி கடைசி ஆண்டு படித்துக்கொண்டே இந்தத் தேர்வையும் எழுதுகிற பெண்ணுக்கு அந்த ஒன்றரை எவ்வளவு பெரிது என்று வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை. அவளுக்குச் சுகன்யா என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: கேள்வியை உருவாக்குவது

கதையின் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது. கேள்விக்கு மூன்று தகுதிகள் வேண்டும். வாசகர் அகராதியோ கால்குலேட்டரோ தேடாமல் அதைச் சரிபார்க்க முடிய வேண்டும். ஒரே ஒரு சரியான விடைதான் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எழுதுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்: தவறான விடைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

முதலில் எது சரிப்படாது என்று பார்ப்போம். “1 முதல் 100 வரை உள்ள எண்களில் 9 என்ற இலக்கம் எத்தனை முறை வருகிறது?” என்று ஒரு கேள்வி. விடை 20. விடைக்குறிப்பு 19 என்கிறது. இது எப்படி நேர்ந்தது என்பதும் புரிகிறது. 9 இடம்பெறும் எண்கள் 19தான். 99-இல் மட்டும் அது இரண்டு முறை வருவதால் இலக்கமாக எண்ணினால் 20. கேட்கும்போது நல்ல கேள்வியாகத்தான் படுகிறது. ஆனால் கதையில் வைத்தால், “கேள்வி கேட்டவர் எண்களைத்தான் கேட்டிருப்பார், வார்த்தை சரியாக விழவில்லை” என்று வாசகர் சமாதானம் சொல்லத் தொடங்குவார். கேள்வி குழப்பமாக இருப்பது வேறு, விடை தவறாக இருப்பது வேறு. நம் கதை இரண்டாவதைப் பற்றியது.

இப்போது கிருஷ்ணகிரிக்கு வருவோம். கதைக்காக நான் உருவாக்கிய கேள்வி இது, எந்தத் தேர்விலும் வந்ததாகச் சொல்லவில்லை:

கிருஷ்ணகிரி மாவட்டம் எந்த மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது?
(அ) வேலூர் (ஆ) சேலம் (இ) தருமபுரி (ஈ) ஈரோடு (உ) விடை தெரியவில்லை

சரியான விடை தருமபுரி. 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. உள்ளூர்க்காரர்கள் யோசிக்காமலேயே சொல்லிவிடுவார்கள். விடைக்குறிப்பு சேலம் என்கிறது. அது ஏன் என்பதுதான் விஷயம். 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது. அதற்கு முன்னால் கிருஷ்ணகிரி சேலம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. ஆக, சேலம் என்பது வானத்திலிருந்து குதித்த தவறு இல்லை. ஒரு காலத்தில் உண்மையாக இருந்து காலாவதியான பதில் அது. கேள்வி எழுதியவர் பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்று வாசகரே ஊகித்துவிடுவார்.

நிஜத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2024 நீட் இயற்பியலில் அணுக்களைப் பற்றி இரண்டு கூற்றுகள் கொடுத்து ஒரு கேள்வி வந்தது. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்ற பொருளில் இரண்டாம் கூற்று தொடங்கியது. கதிரியக்கத் தனிமங்களின் அணுக்கள் நிலையானவை இல்லை என்பதால் அது தவறு. ஆனால் என்சிஇஆர்டி பாடநூலின் பழைய பதிப்பில் அந்த வாக்கியம் அப்படித்தான் இருந்தது. பழைய புத்தகத்தில் படித்தவர்களை முன்னிட்டுத் தேர்வு முகமை இரண்டு விடைகளுக்குமே மதிப்பெண் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஐஐடி டெல்லியில் மூன்று நிபுணர்களை வைத்துப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம், ஒரே விடைதான் சரி என்று அவர்கள் சொன்னார்கள். இங்கேயும் தவறின் வேர் பழைய பதிப்பில்தான் இருந்தது. முட்டாள்தனமான தவறைவிட இந்த மாதிரித் தவறுதான் கதைக்குப் பலம் தரும், ஏனென்றால் இதை எதிர்த்துப் பேசுவது கடினம்.

மூன்றாம் படி: அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

விடைக்குறிப்பைப் பார்த்த அடுத்த நொடியே “இது தவறு!” என்று சுகன்யா துள்ளி எழக் கூடாது. தேர்வு எழுதியவர்கள் யாரும் அப்படி நடந்துகொள்வதில்லை. தான் தப்பு, விடைக்குறிப்பான ‘கீ’தான் சரி என்றே முதலில் நினைப்பார்கள். தேர்வாணையம் வெளியிடும் உத்தேச விடையில் வினாத்தாளே வரும், சரியான விடைக்கு நேரே டிக் போட்டிருக்கும். அச்சில் இருக்கும் அந்த டிக்குக்கு ஒரு அதிகாரம் உண்டு. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயத்தைக்கூட அது சந்தேகப்பட வைக்கும். அந்தச் சந்தேகத்துக்குக் கதையில் ஒரு ராத்திரியாவது கொடுங்கள்.

கண்டுபிடிப்பு வெளியிலிருந்து வரக் கூடாது, வீட்டுக்குள்ளிருந்தே வரட்டும். மாவட்டப் பெயர் எழுதிய காகிதங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. இதை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“ஆயா டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் வந்தது. மேலே ரேஷன் கார்டு: கிருஷ்ணகிரி மாவட்டம். அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் சுகன்யாவின் பிறப்புச் சான்றிதழ். 2003 நவம்பர். ஊர் கிருஷ்ணகிரி, மாவட்டம் தருமபுரி. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மூடப் போனவளை ஆயா தடுத்தாள். ‘அடியில ஒண்ணு இருக்கு பாரு. உங்க தாத்தா நெலம் வாங்குன பத்திரம்.’ மடிப்புகளில் கிழிந்து துணி ஒட்டிய தாள். 1958. ‘சேலம் ஜில்லா கிருஷ்ணகிரி தாலுகா’ என்று தொடங்கியது.”

ஒரே பெட்டிக்குள் மூன்று மாவட்டங்கள் இருக்கின்றன, குடும்பம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. இந்தக் காட்சி இரண்டு வேலை செய்கிறது. சுகன்யா சரி என்பதைச் சான்றிதழ் காட்டுகிறது. கீ ஏன் தப்பியது என்பதைப் பத்திரம் காட்டுகிறது. வரலாற்றை விளக்கி எழுத்தாளர் ஒரு பத்தி எழுதவே தேவையில்லை, பிரிந்த தேதிகளைக்கூட இங்கே திணிக்க வேண்டாம். ஆயாவுக்குத் தேதி தெரியாது. “அப்போ கலெக்டரைப் பார்க்கணும்னா சேலம் போகணும், அப்புறம் தருமபுரின்னாங்க” என்று அவள் சொன்னாலே போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிறந்த தேதியில் கவனம் வேண்டும். 2004 பிப்ரவரிக்குப் பிறகு பிறந்தவளாக எழுதிவிட்டால் சான்றிதழில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று வந்துவிடும், காட்சி செத்துவிடும். கணினியில் எடுத்த புதிய நகல் என்று எழுதாமல் பழைய நகல் என்றே எழுதுங்கள். அவளுடைய வயதும் கதை நடக்கும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: தெரிந்திருப்பது வேறு, நிரூபிப்பது வேறு

இங்கேதான் கதை உண்மையில் சூடு பிடிக்கும். உத்தேச விடை வெளியானால் ஏழு நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். இணையம் வழியாக மட்டுமே முடியும், தபாலில் அனுப்பினால் பார்க்க மாட்டார்கள். ஆதாரம் தரமான பாடநூலாகவோ அதற்கு இணையான நூலாகவோ இருக்க வேண்டும். பயிற்சி மைய நோட்ஸ், கைடு, இணையத்தில் பொதுவாகக் கிடைக்கும் பக்கங்கள் எல்லாம் செல்லாது.

அப்படிப் பார்த்தால், சுகன்யாவிடம் இருக்கும் வலுவான ஆதாரம் இந்த இடத்தில் பயன்படாது. பிறப்புச் சான்றிதழ் அவளுடைய வாழ்க்கைக்கு ஆதாரம், மாவட்டப் பிரிவினைக்கு ஆதாரம் இல்லை. 2003-இல் கிருஷ்ணகிரி தருமபுரியில் இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. புதிய மாவட்டம் எதிலிருந்து பிரிந்தது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத இந்த நிலை நாம் கற்பனை செய்து சேர்த்த திருப்பம் இல்லை, நடைமுறையே கொடுப்பது.

அப்புறம் அவள் எங்கே போவாள்? கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகத்துக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகளைக் கேட்கச் சொல்லுங்கள். 2001 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தின் தாலுகாவாக இருக்கும். 2011 கணக்கெடுப்பில் அதே கிருஷ்ணகிரி தனி மாவட்டம். இரண்டு தொகுதிகளையும் அருகருகே திறந்து வைத்தால் வாதமே தேவைப்படாது. பழைய தொகுதி அலமாரியின் உயரத்தில் இருப்பதும், நூலகர் “இதையெல்லாம் யாரும் எடுக்கறதில்லையேம்மா” என்று தூசி தட்டுவதும், பக்கங்களை ஜெராக்ஸ் எடுக்க வெளியே போக வேண்டியிருப்பதும் எழுதத் தகுந்த விவரங்கள். ஏழு நாட்களில் ஒரு நாள் நூலக விடுமுறை என்றால் இன்னும் நல்லது.

ஆதாரத்தைக் குறைவாக வையுங்கள். இதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. கான்பூர் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. விடைக்குறிப்பு சரி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அது தவறு என்பது தெளிவாக நிரூபிக்கப்பட வேண்டும், சுற்றிவளைத்து ஊகித்து வருகிற வாதம் போதாது என்பது அதன் சாரம். கதைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆதாரத்தை விளக்க அரைப் பக்கம் ஆகிறது என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த கேள்வி சரியில்லை, இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

ஆட்சேபணையின் வாசகத்தையும் கதையில் முழுசாகக் கொடுங்கள். சுகன்யா முதலில் எழுதுவது, “ஐயா, நான் பிறந்ததே கிருஷ்ணகிரிதான், எனக்குத் தெரியாதா” என்கிற மாதிரி இருக்கும். பிரௌசிங் சென்டர் அண்ணன் படித்துவிட்டு, “இது மனு மாதிரி இருக்கு பாப்பா, ஆதாரம் எங்க?” என்பார். பிறகு அவள் திருத்தி எழுதுவது:

“உத்தேச விடை: சேலம். சரியான விடை: தருமபுரி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்தின் தாலுகா. 2011 கணக்கெடுப்பில் தனி மாவட்டம். இரு தொகுதிகளின் உரிய பக்கங்கள் இணைக்கப்பட்டுள்ளன.”

ஐந்து வாக்கியம். அவளுடைய கோபமோ பிறந்த ஊரோ ஆயாவின் பெட்டியோ எதுவும் இதில் இல்லை. இரண்டு வடிவங்களையும் வாசகர் அடுத்தடுத்துப் படிக்கும்போது அவளுக்குள் நடந்த மாற்றம் தெரிந்துவிடும், அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் படி: எதிர்ப்பக்கத்தில் யாரை நிறுத்துவது?

அதிகாரியை வில்லனாக்கும் ஆசை வரும். அதை விட்டுவிடுங்கள். இந்த நடைமுறையில் மாணவி அதிகாரி யாரையும் பார்ப்பதே இல்லை, ஒரு படிவம்தான் அவளுக்கு எதிரில் இருக்கிறது. உண்மையான எதிர்ப்பக்கம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தோழிதான். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் அவள் தெரியாமல் சேலம் என்று குறித்திருக்கிறாள். கீ மாறினால் அவளுக்கு ஒன்றரை போகும்.

இது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. மேலே சொன்ன நீட் கேள்வியில் ஒரே விடைதான் என்று முடிவானதும், மற்ற விடையைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். கொடுத்த 4 போனது, தவறான விடைக்கு 1 குறைந்தது. முழு மதிப்பெண் வாங்கியவர்களின் எண்ணிக்கை 61-லிருந்து 17 ஆகக் குறைந்தது. பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்ததற்கு அந்தப் பிள்ளைகள் எப்படிப் பொறுப்பாவார்கள்? விடையைத் திருத்துவது சரியான காரியம்தான், ஆனால் அதற்கான விலையை யாரோ கொடுக்கிறார்கள். இந்தக் கருவில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான், ஆனால் பல கதைகளில் இது வருவதே இல்லை.

தோழிகள் பேசிக்கொள்ளும் காட்சியைச் சுருக்கமாக எழுதலாம்:

“‘நீ போட்டுட்டியா?’
‘இன்னும் இல்ல. நாளைக்கு கடைசி நாள்.’
‘நீ போடலைன்னாலும் வேற யாராவது போடுவாங்கல்ல?’
‘போடுவாங்க.’
‘அப்ப அவங்களே போடட்டுமே.’”

தோழி கெட்டவள் இல்லை, அவள் கேட்பது நியாயமாகவும் இருக்கிறது. சுகன்யாவின் பதிலை நீங்கள்தான் எழுத வேண்டும். “உண்மைதான் முக்கியம்” என்ற ரீதியில் மட்டும் அவளைப் பேச வைக்காதீர்கள். மாங்காய் லோடு போகும் நேரம், அப்பா கூப்பிடுகிறார் என்று அவள் எழுந்து போகலாம். அல்லது, “கிருஷ்ணகிரில இருந்து யாரும் போடலைன்னா எப்படிடி?” என்று கேட்கலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கும், அதில் ஊர் இருக்கிறது.

ஆறாம் படி: முடிவு

பொதுவாக எழுதப்படும் முடிவு தெரிந்ததுதான். அடுத்த வாரமே கீ திருத்தப்படும், செய்தித்தாளில் படம் வரும், கலெக்டர் பாராட்டுவார். நடைமுறை தெரிந்த வாசகர் இதை நம்ப மாட்டார். ஆட்சேபணைகளை நிபுணர் குழு பார்க்கும், திருத்தம் இருந்தால் அதன்படி எல்லோருடைய தாளும் மதிப்பிடப்படும். ஆட்சேபணை போட்ட ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போகாது. இறுதி விடைக்குறிப்பு வெளியாவது தேர்வு நடைமுறைகள் எல்லாம் முடிந்த பிறகுதான். ஆக, மதிப்பெண்ணும் தரவரிசையும் வந்த நாளில்கூட, அந்த ஒன்றரை தனக்குச் சேர்ந்ததா இல்லையா என்று சுகன்யாவுக்கு உறுதியாகத் தெரியாது.

இந்த இடைவெளியை இழப்பாக நினைக்காதீர்கள், கதையை நிறுத்த நல்ல இடங்கள் இதற்குள்தான் இருக்கின்றன. படிவம் போய்ச் சேர்ந்ததும் நிறுத்தலாம். தரவரிசை வந்த அன்று தோழியும் அவளும் ஒரே திரையில் தங்கள் எண்களைத் தேடும்போது நிறுத்தலாம். இறுதி விடைக்குறிப்பு வரும் நாள்வரை போனால், அதற்குள் சுகன்யா வேலையில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்பது கதையில் தெரிய வேண்டும். மாங்காய்ப் பருவத்தில் தொடங்கிய கதை என்றால் தோப்பில் பூ வந்துவிட்டது என்று ஒரு வரி போதும்.

ஏழாம் படி: கதையைச் சோதிப்பது

எழுதி முடித்ததும் தேர்வு எழுதும் ஒருவரிடமும், தேர்வுப் பக்கமே போகாத ஒருவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கதை எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். தேர்வு எழுதுகிறவரிடம் ஏழு நாள் கெடு, ஆதாரம், இணையப் படிவம் இவற்றில் எங்காவது இடறியதா என்று கேளுங்கள். மற்றவரிடம் இரண்டு கேள்விகள் போதும்: சரியான விடை எது, கீயில் சேலம் என்று ஏன் வந்தது? முதலாவதுக்கு அவர் தடுமாறினால் கேள்வியைத் திருத்துங்கள். இரண்டாவதுக்குத் தடுமாறினால் டிரங்குப் பெட்டிக் காட்சிக்குப் போய், பத்திரத்தில் அவள் கண்ணில் படும் அந்த வரியை இன்னும் கொஞ்சம் நேரம் கையில் வைத்திருக்க விடுங்கள்.